பல்பர் மெஷின் தாமதம்: சப்ளையருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: ஏற்காட்டில் 4 ஏக்கர் காபி. நானும் வீட்டுக்காரரும்தான் பார்க்கிறோம். கோயம்புத்தூர் சப்ளையர் ஒருத்தரிடம் பல்பர் மெஷின், மோட்டார், ஸ்டாண்டோடு வரி சேர்த்து 1,80,000 ரூபாய்க்குப் பேசி, 2025 செப்டம்பர் 3-இல் 1,08,000 அட்வான்ஸ் பேங்கில் போட்டேன். கொட்டேஷனில் 'அட்வான்ஸ் கிடைத்து 45 நாளில் தோட்டத்தில் டெலிவரி' என்று இருக்கு. 'நவம்பர் முதல் வாரம் பறிப்பு, அதுக்குள்ள வேணும்' என்று அப்பவே வாட்ஸ்அப்பில் சொன்னேன். அக்டோபர் 16-இல் மோட்டார் வரலை, ஒரு வாரம் என்றார். 27-இல் லோடு ஆயிடுச்சு என்றார். நவம்பர் 8-இல் லாரியில் புக் பண்ணியாச்சு என்றார். இப்ப போனே எடுப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கிலோவுக்கு 3 ரூபாய் கொடுத்து 2,400 கிலோ பழம் பல்ப் பண்ணியிருக்கோம். ஜீப் 8 நடை, நடைக்கு 600. மெஷினும் வேணும், இந்தச் செலவும் வேணும். என்ன எழுதி அனுப்புவது?

பதில்:

கடிதம் எழுதும் முன் கொட்டேஷனை எடுத்துப் பின்பக்கம் வரை ஒருமுறை படித்துவிடுங்கள். 'தோட்டத்தில் டெலிவரி' என்று எழுத்தில் இருப்பது உங்களுக்கு நல்ல பலம். 'எக்ஸ் ஒர்க்ஸ்' என்றோ 'கோவை குடோன் டெலிவரி' என்றோ இருந்திருந்தால் கதை வேறு. அப்போது அவர் லாரி ஆபீசில் சரக்கை ஒப்படைத்த நாளே டெலிவரி நாளாகிவிடும், அதற்குப் பிறகு வழியில் ஆகும் தாமதம் பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். பின்பக்கம் பொடி எழுத்தில் 'டெலிவரி தேதி உத்தேசமானது' போன்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தாலும் பயப்பட வேண்டாம், ஆனால் அப்படி ஒரு வரி இருப்பது தெரியாதவர் மாதிரி கடிதம் எழுதக் கூடாது. அவருடைய முதல் பதிலே அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது தேதி. 'சுமார் ஒன்றரை மாதம்' என்று எழுதாதீர்கள். அட்வான்ஸ் அவர் கணக்கில் ஏறியது செப்டம்பர் 3. அதிலிருந்து 45 நாள் என்றால் அக்டோபர் 18. அந்தத் தேதியைக் கணக்கோடு எழுத வேண்டும். நவம்பர் 22-இல் கடிதம் போட்டால் தாமதம் சரியாக 35 நாள். பேங்க் ஸ்டேட்மென்டில் பணம் போன நாளும் யூ.டி.ஆர். எண்ணும் இருக்கும், அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்தால் போதும்.

உங்களிடம் இருப்பதிலேயே விலை மதிப்பானது அந்த வாட்ஸ்அப் மெசேஜ்தான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 73-ஆவது பிரிவுப்படி, வாக்கை மீறியதால் இயல்பாக உண்டாகும் நஷ்டத்தையும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்தையும்தான் கேட்கலாம், எங்கோ சுற்றி வரும் நஷ்டத்தைக் கேட்க முடியாது. மெஷின் நவம்பரில் இல்லாவிட்டால் பறித்த பழம் என்ன ஆகும் என்று கோயம்புத்தூரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால், பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பல்பர் விற்கிறவருக்குப் பழத்தைப் பறித்த அன்றே தோல் உரிக்க வேண்டும் என்பது தெரியாமல் இருக்காது. சாக்கில் ஒரு ராத்திரி கிடந்தாலே பழம் சூடேறிப் புளித்துக் கொட்டையில் வாடை ஏறிவிடும். ஆனால் 'தெரியாமல் இருக்காது' என்பதைவிட 'நான் சொன்னேன், இதோ' என்பது பத்து மடங்கு பலம். அந்த மெஸேஜ் அட்வான்ஸ் போடுவதற்கு முன்பு அனுப்பியதா பின்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு என்றால் கேள்விக்கே இடமில்லை.

இப்போது சங்கடமான விஷயம். அக்டோபர் 18 தாண்டிய பிறகும் நீங்கள் 'சரி சார், அனுப்புங்க' என்று பதில் போட்டிருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் செய்வோம். சட்டத்தின் கண்ணில் அது, பழைய கெடுவை நீங்களே தளர்த்திவிட்டதாக ஆகலாம். அதனால் இன்று எடுத்த எடுப்பில் 'அக்டோபர் 18-இல் தரவில்லை, ஆர்டர் கேன்சல், பணத்தைத் திருப்பு' என்று எழுதினால் அவர் சண்டைக்கு வர இடம் இருக்கிறது. அதற்கு மருந்து, கடிதத்தில் நியாயமான ஒரு கடைசிக் கெடு வைப்பது. அந்தத் தேதிக்குள் வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், காலம் மறுபடியும் ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனையாகிவிடும். லோடு ஆகிவிட்டது என்று அவரே அக்டோபர் 27-இல் சொன்ன மெஷினுக்கு 10, 12 நாள் கெடு தாராளம். 'கடிதம் கிடைத்து 7 நாள்' என்று வைக்காதீர்கள், கடிதம் எப்போது கிடைத்தது என்பதிலேயே வாக்குவாதம் வரும். காலண்டர் தேதியாகவே போடுங்கள்.

ஆதாரங்கள்

அவர் சொன்ன 'லாரியில் புக் பண்ணியாச்சு' என்பதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பார்சல் ஆபீசில் புக் பண்ணினால் எல்.ஆர். எண் இல்லாமல் இருக்காது. தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கு என்றாலும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் இ-வே பில் போட வேண்டும், உங்களுடையது 1,80,000. இ-வே பில்லில் போட்ட தேதி, நேரம், வண்டி எண் எல்லாம் இருக்கும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் அதன் ஆயுள், கோவையிலிருந்து சேலம் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே நவம்பர் 8-இல் உண்மையிலேயே சரக்கு கிளம்பியிருந்தால் அவரால் இரண்டு எண்களையும் ஒரு நிமிடத்தில் அனுப்ப முடியும். கடிதத்தில் இரண்டையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமே உங்கள் ஆதாரக் கட்டில் சேர்கிறது. எண் வந்தால் சேலம் லாரி ஆபீசில் நேராகப் போய் விசாரித்துவிடலாம். சில சமயம் சரக்கு சேலம் வரை வந்து, மலைக்கு ஏற்ற சின்ன வண்டிக்கு யார் பணம் கொடுப்பது என்ற தகராறில் குடோனில் கிடப்பதும் உண்டு.

வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது மேலே அவர் பெயரை 'கோவை மெஷின்காரர்' என்று நீங்கள் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் பயனில்லை. எண் தெரிய வேண்டும், ஒவ்வொரு மெசேஜுக்கும் தேதி தெரிய வேண்டும். தொடர்பு விவரப் பக்கத்தையும் ஒரு ஷாட் எடுத்து, முழுச் சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்துவிடுங்கள். போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். வழக்கு என்று போனால் பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் 63-ஆவது பிரிவில் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலப் போன் கையில் இருப்பது நல்லது.

போனில் பேசியவற்றுக்கு ஆதாரம் இல்லையே என்று விட வேண்டாம். இனிமேல் பேசினால் அன்றைக்கே ஒரு மெசேஜ் போடுங்கள்: 'இன்று காலை பேசியபோது 30-ஆம் தேதி அனுப்புவதாகச் சொன்னீர்கள்.' அவர் மறுக்காவிட்டால் அது பதிவாகிவிடும்.

எவ்வளவு கேட்பது

பல்ப் கூலி 2,400 கிலோவுக்கு 7,200 ரூபாய். ஜீப் 8 நடைக்கு 4,800. மொத்தம் 12,000. இந்தக் கணக்கு சிறியதாகத் தெரியலாம், ஆனால் உறுதியானது. பழத்தைக் கெட விடாமல் வேறு இடத்தில் பல்ப் பண்ணியது சரியான முடிவு. நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழியைப் பயன்படுத்தினீர்களா என்பதையும் அதே 73-ஆவது பிரிவு பார்க்கச் சொல்கிறது. மெஷின் வரட்டும் என்று பழத்தைக் குவித்து வைத்துக் கெடவிட்டு முழு விலையையும் கேட்டிருந்தால் பாதி கூட நிற்காது.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் ஒவ்வொரு நடைக்கும் ஒரு துண்டுச் சீட்டு வாங்குங்கள்: தேதி, எத்தனை கிலோ, எவ்வளவு பணம், கையெழுத்து. முன்பு கொடுத்ததற்கும் இப்போதே வாங்கலாம், ஆனால் சீட்டில் இன்றைய தேதியைப் போட்டு, 'இன்ன நாளில் பெற்றது' என்று எழுதச் சொல்லுங்கள். பழைய தேதி போட்டுப் புதுச் சீட்டு தயாரிக்காதீர்கள், ஒன்று பிடிபட்டால் மற்ற எல்லாமும் சந்தேகத்துக்குள்ளாகும். உங்கள் பறிப்பு நோட்டில் அன்றன்றைக்கு எழுதிய எடையும் சீட்டில் உள்ள கிலோவும் ஒத்துப்போக வேண்டும். இனிமேல் பணத்தை யூபிஐயில் கொடுங்கள்.

பல்ப் பண்ண முடியாமல் பழத்தை அப்படியே களத்தில் காயப்போட்டுச் செர்ரியாக விற்கும்படி ஆகியிருந்தால், பார்ச்மென்ட் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமும் நஷ்டம்தான். ஆனால் விற்று பில் கையில் வரும் வரை அதற்குத் தொகை போடாதீர்கள். 'தனியாகக் கோருவேன்' என்று ஒரு வரி போதும். மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் என்றெல்லாம் முதல் கடிதத்தில் சேர்ப்பவர்கள் உண்டு, படிக்கிறவர் 12,000-ஐயும் அதே மாதிரிக் கற்பனையாக நினைத்துவிடுவார்.

மெஷின் வேண்டுமென்றால் கூலியும் வாடகையும் கேளுங்கள். பணம் திரும்ப வேண்டுமென்றால் அட்வான்ஸும் வட்டியும், அதுவரை ஆன செலவும் கேளுங்கள். இரண்டு வழியையும் தனித்தனியாக, ஒன்று தவறினால் மற்றது என்று எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதே அவருக்குப் புரியாது.

கடிதம்

கடிதத்தில் கோபம் வேண்டாம். 'ஏமாற்றிவிட்டீர்கள்', 'மோசடி' என்ற சொற்களை எழுதினால் அவர் அதற்குத்தான் பதில் எழுதுவார், தேதிகளுக்கு எழுத மாட்டார். இப்படி இருக்கலாம்:

> நாள்: 22.11.2025
>
> பெறுநர்: (நிறுவனத்தின் பெயர், கொட்டேஷனில் உள்ள முகவரி)
>
> பொருள்: பல்பர் மெஷின் டெலிவரி தாமதம், கொட்டேஷன் எண் ____
>
> ஐயா,
>
> 1. மேற்படி கொட்டேஷன்படி மோட்டார், ஸ்டாண்டுடன் கூடிய பல்பர் மெஷின் ஒன்றுக்கு 03.09.2025 அன்று ரூ.1,08,000 முன்பணம் செலுத்தினேன் (யூ.டி.ஆர். எண் ____). முன்பணம் கிடைத்த 45 நாளில், அதாவது 18.10.2025-க்குள், ஏற்காட்டில் உள்ள என் தோட்டத்தில் டெலிவரி தர ஒப்புக்கொண்டீர்கள்.
>
> 2. நவம்பர் முதல் வாரம் பறிப்பு தொடங்கும், அதற்குள் மெஷின் தேவை என்பதை ஆர்டரின்போதே வாட்ஸ்அப்பில் தெரிவித்திருந்தேன் (நாள் ____).
>
> 3. 16.10.2025 அன்று மோட்டார் வரவில்லை என்றும், 27.10.2025 அன்று லோடு ஆகிவிட்டது என்றும், 08.11.2025 அன்று லாரியில் புக் செய்துவிட்டதாகவும் தெரிவித்தீர்கள். இன்று வரை மெஷின் வரவில்லை. தாமதம் 35 நாள். அனுப்பியிருந்தால் எல்.ஆர். எண்ணையும் இ-வே பில் எண்ணையும் உடனே தெரிவிக்கவும்.
>
> 4. தாமதத்தால் வெளியே பல்ப் செய்த கூலி ரூ.7,200, வண்டி வாடகை ரூ.4,800, ஆக ரூ.12,000 இன்று வரை செலவாகியுள்ளது. மெஷின் வரும் நாள் வரை இச்செலவு தொடரும். பல்ப் செய்ய முடியாமல் செர்ரியாக விற்க நேர்ந்தால் அந்த விலை வித்தியாசத்தைத் தனியாகக் கோருவேன்.
>
> 5. 03.12.2025-க்குள் மெஷினை முழுமையாக என் தோட்டத்தில் டெலிவரி செய்து, மேற்படி செலவை மீதித் தொகையில் கழித்துக் கிரெடிட் நோட் தரவும். இந்தத் தேதி ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனை.
>
> 6. அத்தேதிக்குள் தராவிட்டால் ஒப்பந்தம் ரத்தானதாகக் கொண்டு, ரூ.1,08,000-ஐ 19.10.2025 முதல் ஆண்டுக்கு 12% வட்டியுடனும், அதுவரை ஆன செலவுடனும் 10.12.2025-க்குள் என் வங்கிக் கணக்கில் திருப்பிச் செலுத்தவும்.
>
> 7. தாமதமாக வரும் மெஷினை நான் பெற்றுக்கொண்டாலும் நஷ்டஈடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.
>
> இணைப்பு: கொட்டேஷன், வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் பக்கங்கள், கூலி மற்றும் வாடகைச் சீட்டுகள்.
>
> (பெயர், முகவரி, கையெழுத்து)

12% என்பது நீங்கள் கேட்கும் விகிதம், கொட்டேஷனில் வட்டி பற்றி எதுவும் இல்லாவிட்டால் கடைசியில் குறைவாகவும் கிடைக்கலாம். இணைப்பில் நகல்தான், மூலம் எதையும் அனுப்பாதீர்கள்.

இதை ஸ்பீட் போஸ்டில், டெலிவரி ஆனதற்கான சான்றும் கேட்டு அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. அதே நாளில் கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து, கொட்டேஷனில் உள்ள மெயிலுக்கும் அவர் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள். தபால் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அதுவும் ஆதாரம்தான்.

மெஷின் வந்து நிற்கும்போது

இந்தக் கடிதத்துக்குப் பிறகு பாதிப் பேருக்கு மெஷின் வந்துவிடும். கோட்டை விடுவதும் அங்கேதான். ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு கடைசியில் ஒன்று சொல்கிறது: கெடு தவறிய ஒப்பந்தத்தை ரத்து செய்யாமல், தாமதமாக வந்ததை ஏற்றுக்கொண்டால், ஏற்கும் அந்த நேரத்திலேயே நஷ்டஈடு கேட்பேன் என்று அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. கடிதத்தின் 7-ஆவது பத்தி அதற்காகத்தான். ஆனாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த டிரைவர் அவசரப்படுவார். டெலிவரி சலானை நீட்டி 'இங்க ஒரு சைன் போடுங்கம்மா' என்பார். அதில் 'பொருள் நல்ல நிலையில், திருப்தியாகப் பெறப்பட்டது' என்று அச்சடித்திருக்கும். கையெழுத்துக்கு மேலேயே பேனாவால் எழுதுங்கள்: '__ நாள் தாமதமாகப் பெறப்பட்டது. நஷ்டஈடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. மெஷின் ஓட்டிப் பார்க்கவில்லை.' தேதியும் மணியும் போடுங்கள். இரண்டு பிரதியிலும் எழுத வேண்டும், உங்கள் பிரதியில் மட்டும் எழுதினால் வீண். அவர் எடுத்துப்போகும் பிரதியைப் போட்டோ எடுத்து, வண்டி நகரும் முன் சப்ளையர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

மோட்டார் இல்லாமல் பல்பர் மட்டும் வந்தால் அது முழு டெலிவரி அல்ல. சலானில் 'மோட்டார் வரவில்லை' என்று எழுதி வாங்கலாம், வாங்காமலும் திருப்பலாம். இவருக்கு மோட்டார்தான் முதலிலிருந்தே சாக்கு என்பதால் இதை எதிர்பார்த்தே இருங்கள்.

மீதி 72,000 விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பாக்கி வராமல் சரக்கை இறக்க மாட்டேன் என்று சொல்ல விற்பனையாளருக்குப் பொதுவாக உரிமை உண்டு. நீங்களாக 12,000-ஐப் பிடித்துக்கொண்டு 60,000 மட்டும் போட்டால் மெஷின் லாரியிலேயே திரும்பக் கூடும், பறிப்பு உச்சத்தில் அது உங்களுக்குத்தான் நஷ்டம். கழிக்க முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வந்தால் கழியுங்கள். வராவிட்டால் முழுவதும் கட்டி, 'நஷ்டஈட்டு உரிமைக்குப் பாதகமின்றிச் செலுத்துகிறேன்' என்று அதே நிமிடம் மெசேஜ் போட்டு, 12,000-ஐப் பிறகு கேளுங்கள்.

டிசம்பர் 10 தாண்டினால்

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவது இலவசம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சின்ன நிறுவனங்கள் அதற்கே இறங்கி வருவதும் உண்டு, கண்டுகொள்ளாமல் விடுவதும் உண்டு. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது சேலத்திலேயே, புகார் போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. e-jagriti.gov.in வழியாக ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

அங்கே அவர் எடுக்கும் முதல் ஆட்சேபம் 'வியாபாரத்துக்கு வாங்கிய மெஷின், இவர் நுகர்வோர் அல்ல' என்பதாக இருக்கும். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் அந்த விலக்கில் வராது என்று 2(7) பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. குடும்பமே பார்க்கும் 4 ஏக்கர் அதற்குப் பொருந்தும். பட்டா நகலும், இதுதான் பிழைப்பு என்று ஒரு வாக்குமூலமும் வைத்துவிடுங்கள். ஆனால் இதே பல்பரில் மற்றவர்கள் பழத்தையும் கூலிக்குப் பல்ப் பண்ணித் தரப்போவதாக எங்காவது எழுதியிருந்தால், உதாரணமாக லோன் விண்ணப்பத்தில், அந்த ஆட்சேபத்துக்குப் பலம் கூடும். அப்போது சிவில் வழக்குதான் பாதுகாப்பான வழி, அதற்கு 3 வருஷம் அவகாசம் உண்டு.

சிறு தொழில் நிறுவனங்களுக்கான 'சமாதான்' போர்ட்டலில் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். அது சரக்கு கொடுத்த சிறு நிறுவனங்களுக்குப் பாக்கி வசூலிக்க வைத்தது. சரக்கு வராமல் காத்திருக்கும் உங்களுக்கு அங்கே வேலை இல்லை.